வியாழக்கிழமைக்கான சமையல்

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் சமைத்து வாரம் முழுவதையும் ஓட்டுகிறவர்களுக்கு, இடறுவது பெரும்பாலும் வியாழக்கிழமையில்தான். திங்களும் செவ்வாயும் தானாகப் போய்விடும். புதனும் ஒருமாதிரி ஓடிவிடும். சாம்பாரோ கூட்டோ கறிக்குழம்போ, 4 டிகிரிக்கு மேல் ஏறாத ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மூன்று நாள், மிஞ்சிப்போனால் நாலு நாள் தாங்கும். அப்படிப் பார்த்தால் ஞாயிறு மதியம் இறக்கியதற்கு வியாழன் மதியத்தோடு கெடு முடிகிறது. அதனால் எங்கள் வீட்டில் வாரத்துச் சமையல் திட்டம் திங்களிலிருந்து தொடங்குவதில்லை. வியாழனுக்கும் வெள்ளிக்கும் என்ன என்று முதலில் முடிவு செய்துகொண்டு அங்கிருந்து பின்னோக்கி வருகிறேன்.

அந்த இரண்டு நாளுக்கு உரியது ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசருக்குள் போயாக வேண்டும். பலர் செய்வது வேறு. புதன் இரவு பாத்திரத்தில் கோழிக்குழம்பு மிச்சம் இருப்பதைப் பார்த்து, “வீணாக்குவானேன்” என்று அப்போது ஃப்ரீசரில் தள்ளுவார்கள். உறைகுளிரில் கிருமிகள் பெருகாமல் நிற்கும், அவ்வளவுதான். மூன்று நாளில் பெருகியது பெருகியதுதான். அடுத்த வாரம் வெளியே எடுத்தால் அது நாலாம் நாள் குழம்பாகவே எழுந்து வரும்.

இரண்டாவது விஷயம்தான் என் கணக்கில் முக்கியமானது. எதையும் முழுசாகச் சமைத்து வைக்காதீர்கள். ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். நம் சமையலில் சீக்கிரம் கெடுவதும், உறைந்தால் சிதைவதும் பெரும்பாலும் கடைசியில் சேர்க்கிறவைதான். அரைத்த தேங்காய், தேங்காய்ப்பால், தயிர் மூன்றும் அந்த வகை. தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டுதான் முதலில் ஊசிப்போகும். கரண்டியைத் தூக்கினால் நூல் விடும். “தேங்காய் போட்டது ராத்திரிக்குள் தீரணும்” என்பது என் மாமியாரின் சட்டம். ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை, எனக்கும் மாற்றச் சொல்ல மனமில்லை. தயிரும் தேங்காய்ப்பாலும் உறைந்து உருகினால் தண்ணீர் வேறு, திப்பி வேறாகப் பிரிந்து நிற்கும். மோர்க்குழம்பை உறைய வைக்கவே கூடாது.

மூன்று பேருக்கான ஒரு வாரத்தைச் சொல்கிறேன். ஞாயிறு காலை 300 கிராம் துவரம்பருப்பை மஞ்சள்தூளோடு குழைய வேகவைத்து மூன்றாகப் பிரித்துவிடுவேன். இரண்டு பங்கு ஃப்ரிட்ஜுக்கு, ஒன்று ஃப்ரீசருக்கு. உப்பு, புளி எதுவும் சேர்ப்பதில்லை. திங்கள் காலை புளித்தண்ணீரில் சாம்பார் பொடியும் முருங்கைக்காயும் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பங்கு பருப்பைக் கரைத்து ஊற்றினால் கால் மணி நேரத்தில் சாம்பார். செவ்வாய்க்கு அதே பருப்பில் புடலங்காய்க் கூட்டு. அதற்கான தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் விழுது ஐஸ் ட்ரேயில் கட்டிகளாக உறைந்திருக்கும். இரண்டு கட்டியைப் போட்டு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டியதுதான். புதனுக்கு ஞாயிறன்றே வைத்த வற்றல் குழம்பு. தேங்காயும் பருப்பும் இல்லாமல், புளி கெட்டியாக, நல்லெண்ணெய் மேலே மிதக்க வற்றவைத்த குழம்பு ஃப்ரிட்ஜில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். மூன்றாம் நாள் அதற்கு ருசி கூடுகிறது என்றே சொல்வேன். வியாழனுக்கு ஃப்ரீசர் பருப்பு, அன்று வாங்கிய கீரையோடு. வெள்ளிக்குக் கொண்டைக்கடலை மசாலா. முதல் நாள் இரவு ஊறிய கடலையை ஞாயிறன்று வெங்காயம், தக்காளி மசாலாவோடு முழுக்கச் செய்து உறைய வைப்பேன். ஒரு படி முன்னால் நிறுத்த அவசியமில்லாத பண்டம் அது. கடலை, ராஜ்மா, கறிக்குழம்பு எல்லாம் உறைந்து எழுந்தால் சுவை குறைவதில்லை.

ஆனால் அந்தக் கடலை மசாலாவில் உருளைக்கிழங்கு போடக் கூடாது. உறையும்போது கிழங்கில் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி உள்ளிருந்தே அதைக் கிழிக்கிறது. உருகும்போது தண்ணீர் தனியாகக் கசிந்து, கிழங்கு பஞ்சு மாதிரி ஆகிவிடும். சுரைக்காய், சௌசௌ போன்ற நீர்க்காய்களுக்கும் இதே கதிதான். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். மெதுவாக உறைந்தால் கட்டிகள் பெரிதாக விழும், சேதமும் கூடும். அதனால் டப்பாவை நிரப்பி வைப்பதைவிட, ஜிப் கவரில் ஊற்றி விரலளவு கனத்துக்குத் தட்டையாகப் படுக்க வைப்பது மேல். சீக்கிரம் உறையும், சீக்கிரம் உருகும், இடத்தையும் அடைக்காது.

சோற்றை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. அரை மணியில் வேகிற ஒன்றை ஏன் சேமிக்க வேண்டும்? ஃப்ரிட்ஜில் வைத்த சோறு விறைத்துப்போகிறது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். அவை கொதியிலும் சாகாது. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் மேடையிலேயே கிடந்தால் அவை விழித்துப் பெருகும். அவை விடும் நஞ்சு ஒன்று உண்டு. மறுபடி சுட வைத்தாலும் அது அழியாது. வாந்தி எடுத்த பிறகு, “நல்லா சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்” என்று குழம்புவதில் பயனில்லை.

ஆறவைப்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதிலிருந்து 5 டிகிரியைத் தொடும் வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். மூன்று லிட்டர் குழம்பை ஆழமான பாத்திரத்தில் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் விளிம்பு குளிர்ந்திருக்கும், நடுவில் ராத்திரி வரை இளஞ்சூடு இருக்கும். அந்தச் சூட்டில் பக்கத்திலிருக்கும் பாலும் அவதிப்படும். சென்னை வெயிலில் மேடையில் வைத்து ஆறட்டும் என்று விட்டால் அதுவும் ஆறாது. அகலமான பேசின்களில் இரண்டங்குல உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து, பாத்திரத்தின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, நடுநடுவே கிளறிவிட வேண்டும். சமைத்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட வேண்டும். ஞாயிறு மாலை இதற்காகவே எங்கள் சிங்க்கில் யாரும் கை கழுவ முடியாது.

முகர்ந்து பார்த்துச் சொல்லிவிடலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நுரைத்த சாம்பாரையும் புளித்த கூட்டையும் மூக்கு கண்டுபிடிக்கும். ஆளைப் படுக்கவைக்கும் கிருமிகளில் பல வாடையே காட்டாது. அதனால் ஒவ்வொரு கவர்மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டித் தேதி எழுதுகிறேன். உறைய வைத்த குழம்பு வகைகள் கெடாமல் நீண்ட நாள் கிடக்கும் என்றாலும் இரண்டு மூன்று மாதத்தில் மணம் போய்விடும்.

இதெல்லாம் ஃப்ரீசர் உண்மையிலேயே மைனஸ் 18-ல் இருந்தால்தான். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பல வீடுகளில் அவ்வளவு குளிர்வதில்லை. உள்ளே வைத்த ஐஸ்கிரீம் ஸ்பூனுக்குச் சுலபமாக இளகிக் கொடுத்தால், அது நாள்கணக்குக்குத்தான் லாயக்கு, மாதக்கணக்குக்கு இல்லை. மின்வெட்டுக்கும் ஒரு காவல் வைக்கலாம். டம்ளர் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது நாணயம் அடியில் கிடந்தால், நாம் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கடலையைக் குப்பையில் கொட்டிவிட வேண்டியதுதான்.

புதன் இரவு படுக்கப் போகுமுன் வியாழனுக்கான பருப்பையும், வியாழன் இரவு கடலையையும் ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுகிறேன். காலையில் மேடையில் போட்டு உருக்குவது கிடையாது. மறந்துவிட்டால் கட்டியாகவே வாணலியில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு மூடிவைத்தாலும் சரிதான். நடுவிலும் தளதளவென்று கொதிக்க வேண்டும், அதில் மட்டும் தளர்த்தக் கூடாது. வெள்ளிக்கிழமை கடலைக்கு இறக்கும்போது ஒரு வெங்காயம் பொடியாக நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்துவிட்டால், வீட்டில் யாரும் அது ஞாயிற்றுக்கிழமைச் சரக்கு என்று கேட்பதில்லை.