சித்தியின் டொலரும் அம்மாவின் ஈ.பி.எஃப்பும்

2021 கடைசியில் அண்ணன் கட்டார் போகக் காசு தேவைப்பட்டது. வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிற சித்தி 500 டொலர் தந்தார். அப்போது ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், ஆக ஒரு லட்சம். "தரும்போது டொலராவே தாங்கக்கா, ரூபாய் வேணாம்" என்று மட்டும் சொன்னார். அம்மாவும் சரியென்றார். கேகாலைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற அம்மாவுக்கு ஒரு பேருக்கு 1000 ரூபாய். நூறு பேர் போட்டால் கடன் முடியும் என்று கணக்குப் போட்டோம்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைப்பதை விட்டது. மே மாதமாகும்போது ஒரு டொலர் 360 ரூபாய் அளவில் நின்றது. சித்தி ஒரு சதம்கூட வட்டி கேட்கவில்லை. ஆனாலும் கடன் 1,80,000 ஆனது. நூறு பேர் நூற்றெண்பது பேரானது.

வீட்டில் சித்தி மேல் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. கம்பஸில் பொருளியல் பாடத்தில் 'ஆதிப்பாவம்' என்ற சொல் வந்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. பேரி ஐக்கன்கிரீன், ரிக்கார்டோ ஹவுஸ்மன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1999இல் வைத்த பெயர் அது. ஏழை நாடுகளால் வெளிநாட்டில் தங்கள் சொந்த நாணயத்தில் கடன் வாங்க முடிவதில்லை. பிறந்த பிள்ளை தான் செய்யாத பாவத்தோடு பிறக்கிறது என்று சொல்வதுபோல, ஒழுங்காக நிர்வாகம் செய்த நாடுகளையும் இது விடவில்லை என்பதுதான் அவர்கள் வாதம்.

இலங்கை 2007இல் முதன்முதலாக சர்வதேச இறைமைப் பிணைமுறி விற்றது. 50 கோடி டொலர், டொலரிலேயே திருப்ப வேண்டும். பிறகு அப்படியே வளர்ந்தது. 2022 ஜூலையில் மட்டும் 100 கோடி டொலர் முறி ஒன்று முதிர்வடைய இருந்தது. 200 ரூபாய்க் கணக்கில் அது 20,000 கோடி ரூபாய். 360இல் 36,000 கோடி. அரசாங்கத்துக்கு வரி வருவது ரூபாயில்தான், அம்மாவுக்குச் சம்பளம் வருவதைப்போல. டொலரை அச்சடிக்கவும் முடியாது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. வரியைக் குறைத்தது, ரூபாயை அளவுக்கு மீறிப் பிடித்து வைத்தது எல்லாம் நம் ஆட்கள் செய்த பிழைதான். ஆனால் கடன் ரூபாயில் இருந்திருந்தால், ரூபாய் விழுந்ததால் மட்டும் அது இவ்வளவு வீங்கியிருக்காது.

அப்போ ஏன் ரூபாயில் தரமாட்டார்கள்? சித்தியின் இடத்தில் நின்று பார்த்தோம். ஒரு லட்சம் ரூபாயாகத் திருப்பியிருந்தால் அவருக்குக் கிடைப்பது 278 டொலர்தான். மீதி 222 டொலர் அவர் உழைப்பில் போயிருக்கும். கடன் வாங்கினவரே தன் நாணயத்தை இறக்க முடியும் என்றால், கொடுப்பவர் பயப்படத்தான் செய்வார். இன்னொன்று, எங்களுடையது சின்ன நாணயம். உலக முதலீட்டாளருக்கு டொலர், யூரோ, யென் மாதிரி நாலைந்து நாணயம் போதும். இலங்கை ரூபாயை வைத்திருந்தால் அவசரத்துக்கு விற்க ஆள் கிடைப்பதும் கஷ்டம். கொழும்பில் ரூபாய் முறிகளை வெளிநாட்டார் வாங்கியதும் உண்டு. ஆனால் பயம் வந்ததும் விற்று, டொலராக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்போது ரூபாய் இன்னும் விழும்.

அப்படியானால் அரசாங்கத்துக்கு ரூபாயில் கடன் கொடுத்து, விட்டு ஓட முடியாமல் இருந்தது யார்? இங்கேதான் எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. அம்மாவின் சம்பளத்தில் 8 வீதம், தோட்டம் போடுகிற 12 வீதம், எல்லாம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. அந்த நிதியின் பெரும்பகுதி அரசாங்கத்தின் ரூபாய் முறிகளில் இருக்கிறது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. போன வருஷம் 59,000 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு இப்போது ஒரு லட்சம் வேண்டும். அதாவது, சித்தி எதற்குப் பயந்தாரோ அது அம்மாவுக்கு நடந்தது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, சேமலாப நிதியின் முறிகளில் ஒரு பகுதி நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டது. வட்டி முதலில் 12, பிறகு 9 வீதம்.

டொலர் முறி வைத்திருந்தவர்களும் பிறகு நட்டப்பட்டார்கள்தான். ஆனால் அவர்களோடு பேச்சுவார்த்தை நடந்தது, நியூயோர்க் சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. அம்மாவிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எந்த நாணயத்தில் சேமிக்கலாம் என்று தெரிவு செய்யவும் அவருக்கு வழி இல்லை.

சித்தியின் கடன் போன வருஷம் முடிந்தது. கடைசித் தவணையை அனுப்பிவிட்டு வந்த அன்று அம்மா கேட்டார்: "என் ஈ.பி.எஃப்பையும் டொலராவே தாங்கன்னு கேக்க ஏலாதா?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.