பிறந்தநாள் தட்டின் கணக்கு

பிறந்தநாள் விழாவில் குழந்தையின் கைக்கு வரும் காகிதத் தட்டில் பெரும்பாலும் நான்கு பண்டங்கள் இருக்கும். ஒரு துண்டு கேக், ஒரு பிடி உருளைக்கிழங்கு வறுவல், ஒரு சாண்ட்விச், அருகே ஒரு குவளை குளிர்பானம். ஏனைய குழந்தைகளுக்கு அது விருந்து. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தையின் தாய்க்கோ அது விடை காண வேண்டிய கணக்கு. அதற்குக் கிடைக்கும் நேரமும் சில நிமிடங்களே.

முதல் வகை நீரிழிவில், உடலின் நோய் எதிர்ப்பாற்றலே கணையத்தின் பீட்டா செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. இன்சுலின் சுரப்பதில்லை. இனிப்பை மிகுதியாக உண்டதால் வரும் நோயன்று இது. 1922ஆம் ஆண்டு சனவரியில் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட குழந்தைகளுக்குக் கடும் பத்தியத்தைத் தவிர வேறு வழியில்லை. அதுவும் அவர்களை நெடுநாள் காக்கவில்லை. இன்று அக்குழந்தைகள் விருந்திலிருந்து விலக வேண்டியதில்லை. உண்ணும் மாவுச்சத்திற்கு ஏற்ற அளவு இன்சுலினைச் செலுத்திக்கொண்டால் போதும். அளவு குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஏறும். மிகுந்தால் ஆபத்தான அளவுக்கு இறங்கும். ஆகவேதான் தட்டைக் கணிப்பது அத்தனை கவலைக்குரியதாகிறது.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் தாயை எடுத்துக்கொள்வோம். அச்சிறுமிக்கு மாலை வேளையில் 15 கிராம் மாவுச்சத்திற்கு ஓர் அலகு இன்சுலின் என மருத்துவர் வகுத்துத் தந்திருக்கிறார். இவ்விகிதம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஒரே குழந்தைக்கும் வேளைக்கு வேளை மாறும். மற்றொருவரின் விகிதத்தைக் கடன் வாங்கிக் கணக்கிடுதல் தவறு.

பக்கத்து வீட்டு விழாவுக்கு அத்தாய் அரைமணி நேரம் முன்னதாகவே சென்றார். "பாப்பாவுக்கு என்னென்ன கொடுக்கக் கூடாது, அக்கா?" என்று வீட்டுக்காரப் பெண் கேட்டார். "எதையும் விலக்க வேண்டாம்மா. கேக் எத்தனை கிலோ, எத்தனை துண்டு போடுகிறாய் என்று மட்டும் சொல்" என்றார் தாய்.

அந்தக் கேள்வியில்தான் கணிப்பின் நுட்பம் இருக்கிறது. தட்டில் கிடக்கும் பண்டத்தைக் கண்ணால் எடைபோட முயன்றால் கண் ஏமாற்றும். வறுவல் காற்றோட்டமாகக் குவிந்து, இருப்பதைவிட மிகுதியாகத் தோன்றும். கேக் அடர்ந்திருப்பதால் சிறிய துண்டும் கனக்கும். முழுப் பொருளின் எடையோ உறையிலும் பெட்டியிலும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பங்குகளால் வகுத்தால் ஒரு பங்கின் எடை கிடைத்துவிடும்.

ஒரு கிலோ கேக்கை 16 துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு ஏறத்தாழ 62 கிராம். 150 கிராம் வறுவல் பொட்டலம் பத்துத் தட்டுகளுக்குப் பகிரப்பட்டால் தட்டுக்கு 15 கிராம். 400 கிராம் ரொட்டியில் 16 துண்டுகள் இருந்தால் ஒன்று 25 கிராம். ஓரங்களை வெட்டிய பின் 20 கிராம். சாண்ட்விச்சுக்கு இரண்டு துண்டுகள், ஆக 40 கிராம். 750 மில்லிலிட்டர் குளிர்பானத்தை ஐந்து குவளைகளில் ஊற்றினால் குவளைக்கு 150 மில்லிலிட்டர்.

எடை தெரிந்தபின் மாவுச்சத்தை அறிவது எளிது. ரொட்டி, வறுவல், கேக் ஆகிய மூன்றும் சுவையால் வேறுபட்டாலும், மூன்றிலும் எடையில் பாதியளவு மாவுச்சத்து என்று கொள்ளலாம். சர்க்கரை சேர்ந்த குளிர்பானத்தில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 11 கிராம் இருக்கும். இவ்வகையில் சாண்ட்விச்சுக்கு 20, வறுவலுக்கு 8, கேக்குக்கு 31, குளிர்பானத்துக்கு 16. மொத்தம் 75 கிராம். பதினைந்தால் வகுத்தால் ஐந்து அலகு. சாண்ட்விச்சினுள் இருந்த வெண்ணெய், வெள்ளரித் துண்டு முதலியவற்றின் மாவுச்சத்து மிகக் குறைவாதலால் தாய் அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இவ்விடத்தில் பெற்றோர் பலர் தடுமாறுவதுண்டு. உறையின் பின்புறத்தில் 'சர்க்கரை' என்னும் வரியை மட்டும் படித்துவிட்டு, வறுவலில் சர்க்கரையே இல்லை என்று விட்டுவிடுவர். உருளைக்கிழங்கின் மாவும் செரித்தபின் சர்க்கரையே ஆகும். ஆகையால் 'மொத்த மாவுச்சத்து' என்னும் வரியையே படித்தல் வேண்டும்.

எல்லாம் தோராயம்தானே என்னும் ஐயம் எழலாம். 60 கிராம் மாவுச்சத்து கொண்ட உணவில் பத்துக் கிராம் பிழை நேர்ந்தாலும் குழந்தைகளின் இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், பிழை இருபது கிராமானால் வேறுபாடு தெரிகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. கேக்கின் மேல் ஒரு கிரீம் பூ கூடுதலாக இருப்பதால் கணக்கு குலைந்துவிடாது. ஒரு குவளைக் குளிர்பானத்தையே மறந்துவிட்டால்தான் பிழை அந்த எல்லையை நெருங்கும்.

கணக்கு சரியாயினும் குழந்தை அதன்படி உண்ணும் என்பதற்கு உறுதியில்லை. விளையாட்டு தொடங்கிவிட்டால் பாதித் தட்டு அப்படியே கிடக்கும். செலுத்திய இன்சுலினைத் திரும்ப எடுக்கவும் இயலாது. எனவே அத்தாய் குளிர்பானத்தை மட்டும் பின்னுக்கு வைத்தார். மீதமுள்ள 59 கிராமுக்கு, தட்டு கைக்கு வந்த பிறகே, நான்கு அலகு செலுத்தினார்.

எதிர்பார்த்தபடியே சிறுமி கேக்கில் பாதியை வைத்துவிட்டு ஓட முனைந்தாள். உண்ணாமல் விட்டது சுமார் 15 கிராம் மாவுச்சத்து. ஓர் அலகு இன்சுலின் உடலில் மிகையாக நிற்கிறது. ஒதுக்கி வைத்திருந்த குவளையில் இருப்பதோ 16 கிராம். "இதைக் குடித்துவிட்டுப் போ, கண்ணு" என்றார் தாய். கணக்கு நேராயிற்று. அக்குவளையில் இருந்தது சர்க்கரையற்ற பானமாக இருந்திருந்தால் இந்த ஈடு கிடைத்திராது. அதனால்தான் முன்கூட்டியே புட்டியின் உறையை அவர் படித்து வைத்திருந்தார்.

விளையாடும்போது தசைகள் சர்க்கரையை விரைந்து எடுத்துக்கொள்ளும். முகம் வெளிறுதல், வியர்த்தல், கை நடுங்குதல், காரணமின்றி அழுதல் ஆகியவை சர்க்கரை இறங்குவதன் அடையாளங்கள். ஓடியாடும் பிள்ளைக்கு வியர்ப்பது இயல்பாதலால், ஐயம் தோன்றின் விரல் நுனிக் குருதியைச் சோதித்தே தெளிய வேண்டும். சோதிக்குமுன் கையைக் கழுவித் துடைப்பது இன்றியமையாதது; விரலில் ஒட்டிய கேக்கின் இனிப்பே கருவியில் உயர்ந்த அளவைப் பொய்யாகக் காட்டிவிடும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால், உடனே விரைந்து செரிக்கும் சர்க்கரையைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

தட்டின் கணக்கு தட்டோடு முடிவதில்லை. குளிர்பானத்தின் சர்க்கரை நிமிடங்களில் குருதியில் கலக்கும். வறுவலிலும் கேக்கிலும் உள்ள கொழுப்போ செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால், அவற்றின் ஏற்றம் சில மணி நேரம் கழித்தும் தெரியக்கூடும். உண்ட ஒரு மணி நேரத்தில் அளவு உயர்ந்திருப்பதைக் கண்டு அஞ்சி மறுபடியும் இன்சுலின் செலுத்துவது தவறு. முன்னர்ச் செலுத்தியது இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை வீழ்த்திவிடும். பகலில் ஓடியாடியதன் விளைவு இரவிலும் தொடரும். ஆதலால் அன்றிரவு சிறுமி உறங்கப் போகுமுன் தாய் ஒருமுறை சோதித்தார். நள்ளிரவில் எழுந்து மீண்டும் ஒருமுறை சோதித்தார்.

சிறுமிக்கு இவை எதுவும் தெரியாது. மறுநாள் பள்ளியில் அவள் தோழியரிடம் சொன்னது, கேக்கின் மேலிருந்த இளஞ்சிவப்புப் பூ தனக்கே கிடைத்தது என்பதைத்தான்.