பதினைந்து எழுத்துருக்களில் ஒரு பாட்டு

எழுத்தைக் கட்டுப்படுத்திப் பாடுவது தமிழ்ப் புலவர்களுக்குப் பழைய விளையாட்டு. காளமேகம் தகர வருக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வெண்பாவை முடித்திருக்கிறார். உதடு ஒட்டாமல் பாடுவதற்கு நிரோட்டம் என்று ஒரு வகையே உண்டு. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலை ஆண்டுதோறும் முதுகலை மாணவர்களுக்கு நடத்தும் எனக்கு இவற்றின் மேல் பெரிய மதிப்பு இருந்ததில்லை. சொல்லுக்காகப் பொருளைப் பலியிடும் வித்தை என்றே வகுப்பில் சொல்லி வந்தேன். அதே வித்தையை நானே செய்ய நேரும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை. சனிக்கிழமை காலைகளில் வந்து குறைதீர் வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இது என்ன பெரிய வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு எழுத்துகள் தெரியாமல் இல்லை. ‘படம்’ என்று எழுதிக் காட்டினால் “பானா, டானா, இம்மு” என்று மூன்றையும் சரியாகச் சொன்னார்கள். சேர்த்துச் சொல் என்றால்தான் வாயடைத்துப் போனார்கள். குற்றம் அவர்களுடையதன்று. பானா, டானா, இம்மு என்பவை எழுத்தின் பெயர்கள். அவற்றை எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் படம் என்ற ஒலி பிறக்காது. ஆகவே பெயர்களை விலக்கிவிட்டு, ஒலியை மட்டும் சொல்லி, மிகச் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும் ஒரு பாட்டை எழுதித் தருவதென்று முடிவு செய்தேன்.

ப, ட, ம, ர, வ என்ற ஐந்தை எடுத்துக்கொண்டேன். அவற்றோடு உயிரில் அ, ஆ மட்டும். அதாவது காலும் புள்ளியும் தவிர வேறு குறி கிடையாது. கெ, கை போன்றவற்றில் குறி முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். அந்தக் குழப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ப, ம இரண்டும் இதழ் இரண்டும் பொருந்தப் பிறப்பவை. வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது. தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்னது இங்கே பயன்பட்டது. என் வாயைப் பார்த்தே பிள்ளைகள் ஒலியைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. நிரோட்டத்துக்கு நேர் எதிரான பாட்டு என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். டகரமும் ரகரமும் தமிழில் மொழிக்கு முதலாகா என்பதால், சொற்களெல்லாம் அ, ஆ, ப, ம, வ என்பவற்றில் ஒன்றில்தான் தொடங்கியாக வேண்டும்.

முதலில் எழுதியது படுதோல்வி. மடம், வரம், படர், பம்பரம் என்று எதுகை மோனையெல்லாம் பார்த்து எழுதியிருந்தேன். பிள்ளைகள் ‘படர்’ என்பதைத் தட்டுத்தடுமாறிக் கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். கூட்டிய ஒலி அவர்கள் காதுக்கு முன்பே பழக்கமான சொல்லாக இருந்தால்தான் ‘ஓ, இதுவா’ என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாத சொல்லில் சரியாகப் படித்தோமா, தவறாகப் படித்தோமா என்று அறியவே வழியில்லை. பம்பரம் தெரிந்த சொல்தான். ஆனால் அதில் முதல் பகரம் வல்லொலி, மகர மெய்யை அடுத்து வரும் பகரம் மெல்லிய ஒலி. ஒரே எழுத்துக்கு இரண்டு ஒலி. அதையும் நீக்கினேன். டகரத்தில் மட்டும் இதைத் தவிர்க்க முடியவில்லை. ‘ஆட’ என்பதில் ஒருவிதம், ‘பட்டம்’ என்பதில் வேறுவிதம். இரட்டித்தால் அழுத்திச் சொல் என்பதோடு விட்டேன்.

இரண்டாவதாக எழுதியது இது:

அம்மா, வா
அப்பா, வா
பாப்பா, வா
ஆட வா, பாட வா
மரம் பார், மாமரம் பார்
பட்டம் பார், வட்டம் பார்
மாமா, வா
மாமா வர மாட்டார்

கவிதை என்று சொல்ல எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. மொத்தம் பதினைந்து எழுத்துருக்கள்தான் இதில் வருகின்றன. இரண்டே வாரத்தில் ஏழு பேரும் ஒப்பித்தார்கள். ஒப்பித்தார்கள் என்பதுதான் சங்கடம். திரும்பத் திரும்ப வருவது வாசிப்பவனைத் தாங்கிப் பிடிக்கிறது. வாசிக்காதவனை மறைத்தும் வைக்கிறது. விரல் ஒரு வரியில் இருக்க, வாய் அடுத்த வரிக்குப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு இடங்கள் உதவின. ஒன்று ஐந்தாம் வரி. கையெழுத்தில் ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு, ரகரத்தின் கீழே சாய்ந்து நிற்கும் சிறு கோடு மட்டுமே. நான் கரும்பலகையில் அவசரமாக எழுதும்போது அதுவும் இருக்காது. ஒரு பையன் பாட்டை முழுவதுமாக ஒப்பிப்பான். ஆனால் ‘மரம்’ என்பதை மட்டும் தனியே எழுதிக் காட்டினால் ‘மாம்’ என்றான். ரகரத்தைக் காலாக எண்ணி மகரத்தோடு ஒட்டிவிட்டான். அவன் மந்தமானவன் என்று முந்தைய ஆண்டுகளில் முடிவு கட்டியிருந்தார்கள். என் கையெழுத்தைத்தான் முதலில் திருத்த வேண்டியிருந்தது. ரகரத்தின் கோட்டை நீளமாக இழுத்து எழுதினேன். மரம், மாமரம் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, எங்கே கால், எங்கே ரகரம் என்று விரலால் தடவச் சொன்னேன். மூன்று சனிக்கிழமைகள் ஆயின.

மற்றொன்று கடைசி வரி. அதுவரை ‘வா, வா’ என்று வந்த பாட்டு அங்கே முறிகிறது. பார்க்காமல் சொல்பவன் ‘மாமா, வா’ என்றே சொல்லி முடிப்பான். அதே பையன் நான்கு வாரங்கள் அப்படித்தான் சொன்னான். ஐந்தாம் வாரம் ‘மாமா’ என்று தொடங்கி நின்றான். வகரத்தின் மேல் விரலை வைத்தான். “வ... வர...” என்றான். ‘மாட்டார்’ என்பதைக் கூட்ட வெகுநேரம் பிடித்தது. சொல் கூடியதும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன்பின் பாட்டின் சொற்களை அட்டைகளில் தனித்தனியே எழுதி, கலைத்துப்போட்டு, விரும்பிய வரியை அமைக்கச் சொன்னேன். மனப்பாடம் அங்கே உதவாது. மற்ற பிள்ளைகள் ‘பாப்பா பட்டம் பார்’, ‘மாமா ஆட மாட்டார்’ என்று அடுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவன் மூன்றே அட்டைகளை வைத்திருந்தான்.

‘அப்பா வர மாட்டார்.’

படி என்றேன். விரலை வைத்து, ரகரத்தில் சரியாக நின்று, படித்தான். பிழை எதுவும் இல்லை. அவன் தந்தை திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், இரண்டு தீபாவளியாக ஊருக்கு வரவில்லை என்று வகுப்பாசிரியை பிறகு சொன்னார். அந்த வரியைப் பாட்டில் வைக்கும்போது வாய்பாடு முறிய வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் நான் நினைத்திருக்கவில்லை.

அட்டைகளைக் கட்டி எடுத்துவைக்கும்போது அருகில் வந்து, “சார், ‘தி’ எப்ப சொல்லித் தருவீங்க?” என்று கேட்டான்.

அடுத்த பாட்டுக்குக் கவும் லவும் என்று குறித்து வைத்திருந்தேன். அதை அடித்துவிட்டுத் தகரமும் இகரக் குறியும் என்று எழுதிக்கொண்டேன். ரு, பூ இரண்டுக்கும் இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று அவனிடம் சொன்னேன். சரி என்றான்.