அக்காவின் பணமும் என் பொய்யும்

என் அக்காவின் மியூச்சுவல் ஃபண்ட் பணம் குறித்த நாளில் வராததற்குக் காரணம் நான். ஃபண்ட் நிறுவனம் இழுத்தடிக்கிறது என்று அவளிடம் சொன்னதும் நான்தான். முதலாவது அசட்டை. இரண்டாவது, காரணம் தெரிந்த பிறகும் வாய் கூசாமல் சொன்ன பொய். இரண்டையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் எனக்கு வேலை. துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குச் சுங்கத் தாள்கள் தயாரிப்பதும், கப்பல் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதுவதும்தான் தினசரிப் பாடு. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். முன்னால் உள்ளவற்றைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று சோதிப்பதற்கென்றே கடைசி இலக்கத்தை வைத்திருக்கிறார்கள். பில் ஆஃப் என்ட்ரி எண்ணும் தேதியும் இல்லாமல் கடிதம் தயாரித்த இளைஞர்களை, "இதை எவன் படிப்பான்?" என்று பலமுறை கடிந்திருக்கிறேன்.

அக்கா காசிமேட்டில் இருக்கிறாள். அத்தான் இறந்த பிறகு கைக்கு வந்த தொகையில் ஒரு பங்கை 2018-ல் ஒரு பங்குச்சந்தை ஃபண்டில் போடச் சொன்னது நான். விண்ணப்பத்தை நிரப்பியதும் நான். கைப்பேசி எண் கேட்ட கட்டத்தில் அக்காவின் எண்ணுக்குப் பதில் என் எண்ணை எழுதினேன். அவளுக்குக் குறுஞ்செய்தி படிக்கத் தெரியாது என்பது நான் சொல்லிக்கொண்ட சாக்கு. எல்லாம் தெரிந்தவன் நான், பார்த்துக்கொள்கிறேன் என்ற மிதப்புதான் உண்மைக் காரணம். அன்றிலிருந்து அந்த முதலீட்டைப் பற்றிய எல்லாச் செய்தியும் எனக்கே வந்தது. நான் எதையும் படிக்கவில்லை.

இதற்கிடையே பொதுத்துறை வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தன. உதாரணமாக, சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது. SYNB என்று தொடங்கும் அதன் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் 2021 ஜூலையிலிருந்து செல்லாமல் போயின. அக்கா கணக்கு வைத்திருந்த வங்கியும் அப்படி இன்னொன்றில் கரைந்துபோன ஒன்றுதான். கிளை மாறியது, குறியீடு மாறியது, புதிய பாஸ்புக்கும் வந்தது. ஃபண்டில் பதிவாகியிருந்த வங்கி விவரம் மட்டும் 2018-ல் நான் எழுதியபடியே கிடந்தது. வங்கி தன் வாடிக்கையாளருக்குத்தான் தகவல் சொல்லும். ஃபண்ட் நிறுவனத்திடம் போய்ச் சொல்ல வேண்டியவர் முதலீட்டாளர். அந்த வேலையை ஏற்றுக்கொண்டவன் நான்.

2024 ஜூனில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அக்கா பணம் கேட்டாள். ஜூன் 10, திங்கட்கிழமை பிற்பகலில் 2,000 யூனிட்டுகளை விற்கக் கோரிக்கை கொடுத்தோம். மூன்று மணிக்கு முன்பு கொடுத்தால் அன்றைய என்.ஏ.வி.யே விலை. அன்று யூனிட் ஒன்றுக்கு 48.62 ரூபாய், ஆக மொத்தம் 97,240 ரூபாய். ஓராண்டு தாண்டிவிட்டதால் வெளியேறும் கட்டணம் இல்லை. பரிவர்த்தனை வரி ஒரு ரூபாய் போக அக்காவுக்கு வர வேண்டியது 97,239.

செபியின் விதிப்படி மூன்று வேலை நாட்களுக்குள் இந்தப் பணம் போய்ச்சேர வேண்டும். பங்குச்சந்தை ஃபண்டுகளில் 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டாவது வேலை நாளிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எனவே புதன்கிழமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இன்னாடா தம்பி, துட்டு வந்துச்சா?" என்று அக்கா கேட்கத் தொடங்கினாள்.

நான் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஏழை விதவையின் பணத்தை விழுங்கப் பார்க்கிறீர்கள், செபிக்குப் போவேன், பத்திரிகைக்குப் போவேன் என்றெல்லாம் அதில் இருந்தது. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் கதையையும் இழுத்தேன். அந்த நிறுவனம் 2020 ஏப்ரல் 23 அன்று ஆறு கடன் ஃபண்டுகளை மூடியதும், சென்னையிலிருந்தே ஒரு முதலீட்டாளர் அமைப்பு நீதிமன்றம் போனதும், உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2021 பிப்ரவரியில் முதல் தவணையாக 9,122 கோடி ரூபாய் பகிரப்பட்டதும் எனக்குத் தெரியும். ஆனால் அங்கே விற்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் யூனிட்டோ விற்றாகிவிட்டது. இந்த வேறுபாட்டைக்கூட யோசிக்காமல் எழுதினேன். அத்தனை ஆவேசத்துக்கு நடுவில் ஃபோலியோ எண்ணை எழுதவில்லை. விற்ற தேதி இல்லை, யூனிட் கணக்கு இல்லை. யார் பணம், எந்தத் திட்டம் என்பதே இல்லை. பையன்களிடம் நான் கேட்ட கேள்வி எனக்கே பொருந்தும் கடிதம் அது. விவரங்களைத் தரும்படி கேட்டு மரியாதையாக ஒரு பதில் வந்தது. அதையும் அலட்சியம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் என் கைப்பேசியில் பழைய செய்திகளைத் தேடினேன். பணம் அனுப்பியாகிவிட்டது என்று ஒரு செய்தி. அது வங்கியிலிருந்து திரும்பிவிட்டது, வங்கி விவரத்தைப் புதுப்பிக்கவும் என்று அடுத்த செய்தி. இரண்டும் படிக்காமல் கிடந்தன. அந்த நிமிடம் முழுக்கதையும் விளங்கிவிட்டது.

நான் செய்திருக்க வேண்டியது அக்கா வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்வது. நான் சொன்னதோ, "கம்பெனிக்காரன் இழுத்தடிக்கிறான் அக்கா, நான் விடமாட்டேன்" என்பது. கட்டணத்துக்குக் கெடு நெருங்கியதால் அவள் சங்கிலியை அடகுக்கடையில் வைத்து 80,000 ரூபாய் வாங்கினாள். நூற்றுக்கு இரண்டு வட்டி, மாதம் 1,600. அவள் சங்கிலியைக் கழற்றியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு எழுதிய கடிதம்தான் வேலை செய்தது. அதில் ஆவேசம் இல்லை. அக்காவின் பெயர், ஃபோலியோ எண், திட்டத்தின் முழுப்பெயர், நேரடித் திட்டமா முகவர் வழியா என்ற விவரம், கோரிக்கையின் பரிவர்த்தனை எண் ஆகியவற்றை முதலில் வைத்தேன். பிறகு இப்படி எழுதினேன்: "2024 ஜூன் 10 அன்று 2,000 யூனிட்டுகள், 48.62 ரூபாய் வீதம் விற்கப்பட்டன. நிகரத் தொகை 97,239 ரூபாய். பதிவில் உள்ள கணக்கில் இன்றுவரை வரவில்லை. அந்தக் கணக்கின் ஜூன் மாதப் பட்டியல் இணைப்பில் உள்ளது. பணம் அனுப்பிய தேதி, யு.டி.ஆர். எண், திரும்பியிருந்தால் திரும்பிய தேதி, வங்கி சொன்ன காரணம் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். புதிய வங்கி விவரம் பதிவானதும் தொகையை மறுபடி அனுப்பவும்."

யு.டி.ஆர். என்பது வங்கிகள் ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் இடும் அடையாள எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பணம் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும். பணம் நிற்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. ஃபண்ட் கணக்கு அறிக்கையில் யூனிட் குறையவே இல்லை என்றால், கோரிக்கையே ஏற்கப்படவில்லை; கையெழுத்துப் பொருந்தவில்லையா, கே.ஒய்.சி. நிலுவையா என்று கேட்க வேண்டும். யூனிட் குறைந்து, யு.டி.ஆர். எண்ணும் இருந்து, வங்கியில் வரவு இல்லை என்றால் பணம் திரும்பிப் போயிருக்கிறது. திரும்பவும் இல்லை என்றால், மறந்துபோன வேறொரு கணக்கில் விழுந்திருக்கிறது. எங்களுடையது இரண்டாம் வகை. புரோக்கர் மூலம் வாங்கி டீமேட்டில் வைத்திருப்பவர்களுக்கு, டீமேட் கணக்கோடு இணைத்த வங்கிக்குத்தான் பணம் போகும். அவர்கள் வங்கி விவரத்தைத் திருத்த வேண்டிய இடமும் டீமேட் கணக்கே.

பதில் வந்தது. புதன்கிழமையே அனுப்பியிருக்கிறார்கள். ஐ.எஃப்.எஸ்.சி. செல்லாது என்று திரும்பியிருக்கிறது. வங்கி மாற்றப் படிவத்தில் அக்காவிடம் கையெழுத்து வாங்கினேன். அவள் பெயர் அச்சான புதிய காசோலையை ரத்து எனக் குறுக்கே எழுதி இணைத்தேன். பழைய கணக்கும் அவளுடையதே என்பதற்குப் பழைய பாஸ்புக்கின் நகலும் வேண்டியிருந்தது. நல்லவேளை, அக்கா அதை எறியவில்லை. வங்கியை மாற்றிய கையோடு பணம் கேட்டால் பத்து நாள் வரை நிறுத்தி வைக்க விதி இடம் கொடுக்கிறது. வேறு எவனாவது கணக்கை மாற்றி அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது. அதையும் பொறுத்திருந்தோம். பணம் வந்தது, அதே 97,239. ஜூன் 10-ன் விலையோடு கணக்கு முடிந்துவிட்டதால், இடையில் சந்தை ஏறியிருந்தாலும் எங்களுக்கு அதில் பங்கில்லை.

தாமதத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீத வட்டியை நிறுவனம் தர வேண்டும் என்று விதி உண்டு. இந்தத் தொகைக்கு ஏறத்தாழ நாளுக்கு 40 ரூபாய். தாமதம் அவர்களுடையதாக இருந்தால் கடிதத்தில் அந்த வட்டியைத் தெளிவாகக் கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுக்கலாம். நிறுவனம் 21 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். அது திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். நான் மிரட்டலாக வீசிய அந்த வழி உண்மையில் நல்ல வழிதான். ஆனால் அவர்கள் நேரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் 40 ரூபாயைக் கேட்க எனக்கு முகம் இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னது பணம் வந்த பிறகுதான். அதுவும் என் குறைதான். நெருப்பு அணைந்த பிறகு சொல்வதில் துணிச்சல் ஒன்றும் இல்லை. "கூடவே இருந்துட்டு சொல்லாம இருந்தியேடா" என்றாள். வேறெதுவும் பேசவில்லை. அடகு வட்டியை நான் கட்டிச் சங்கிலியை மீட்டுக் கொடுத்தேன். ஃபோலியோவில் இப்போது அவள் எண்தான் இருக்கிறது. செய்தி வந்தால் மகள் படித்துச் சொல்கிறாள்.

அக்காவுக்கோ அம்மாவுக்கோ முதலீட்டைப் "பார்த்துக்கொள்ளும்" தம்பிகளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். அவர்களுடைய ஃபண்ட் கணக்கு அறிக்கையை இன்றே எடுத்து, அதிலுள்ள வங்கிப் பெயரும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் கையிலிருக்கும் பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், விற்கும் முன்பே மாற்றுங்கள். தவறு உங்களுடையது என்று தெரிந்தால், அடகுக்கடைக்குப் போகுமுன் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.