ஒரே கதவு எண், இரண்டு கொட்டேஷன்

தம்பி, கணக்கு வேலையில் சேர்ந்ததும் டாலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் எல்லோரும் சொல்லித் தருவார்கள். பில்லின் தலைப்பில் இருக்கும் விலாசத்தைப் படி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் கணக்கு எழுதியபோது நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

எங்களுக்கு மாதம் 8,000 அட்டைப்பெட்டி வேண்டியிருந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. ஒன்று கோவையிலிருந்து வரும்; லாரி வாடகை சேர்ந்து எப்போதும் கூடுதலாகத்தான் நிற்கும். மற்ற இரண்டும் உள்ளூர். இந்த மாதம் ஒருவர் 62 ரூபாய் என்றால் மற்றவர் 63. அடுத்த மாதம் அப்படியே மாறும். ஃபைலைப் புரட்டுகிறவருக்குப் போட்டி பலமாக நடப்பதாகத் தோன்றும்.

லெட்ஜரில் விலாசங்களைச் சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. உள்ளூர்க்காரர் இருவருக்கும் கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஒன்று. ஒன்றில் மட்டும் ‘மாடி’ என்று சேர்த்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் பத்துக் கம்பெனி இருப்பது நம் ஊரில் சகஜம். அண்ணன் கீழே, தம்பி மேலே என்று பாகம் பிரித்தவர்கள் உண்டு. ஆடிட்டர் ஆபீஸ் விலாசத்தையே கொடுத்துப் பதிவு செய்தவர்களும் உண்டு. அதனால் விலாசத்தைப் பார்த்ததும் நான் வாயைத் திறக்கவில்லை.

முதலில் இருவரின் ஜிஎஸ்டி எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இரண்டு பதிவும் ஒரே ஆளின் பேரில் இருந்தால் அந்தப் பத்தும் ஒன்றாக இருக்கும். இங்கே வேறு வேறாக இருந்தன. பலபேர் இதோடு விட்டுவிடுவார்கள். பான் எண்ணின் நான்காவது எழுத்தையும் பார்க்க வேண்டும். P என்றால் தனி ஆள், F என்றால் பார்ட்னர்ஷிப், C என்றால் கம்பெனி. கீழ்க்கடைக்கு P, மாடிக்கு C. தனி ஆளும் அவரே நடத்தும் பிரைவேட் லிமிடெட்டும் சட்டத்தின் கண்ணில் இரண்டு பேர். பான் வேறாக இருந்தால் உரிமையாளரும் வேறு என்று நினைத்துவிடாதே.

ஜிஎஸ்டி இணையதளத்தில் எண்ணைப் போட்டால் கடைப் பெயரோடு சட்டப்படியான பெயரும் வரும். தனி ஆள் கடையென்றால் அங்கே உரிமையாளர் பெயரே இருக்கும். மாடிக் கம்பெனியின் டைரக்டர்கள் யார் என்பது கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைத்தது. கீழ்க்கடைக்காரரின் பெயர், இனிஷியலோடு அப்படியே அங்கேயும் இருந்தது. ஆனால் டைரக்டர் எல்லாம் முதலாளி ஆகிவிட மாட்டார். சம்பளத்துக்கு உட்காருபவரும் இருக்கலாம். பங்கு யாரிடம் என்பது கம்பெனி தாக்கல் செய்யும் வருடாந்திர அறிக்கையில் இருக்கும். கட்டணம் கட்டிப் பார்த்தேன். பெரும்பங்கு அவருடையதுதான்.

அதன் பிறகு பழைய ஈ-வே பில்களை எடுத்தேன். இரண்டு கடைச் சரக்கும் ஒரே வண்டி எண்ணில் வந்திருந்தது. விலாசத்தில் வரும் ‘காலனி’க்கு இரண்டு பில்லிலும் ஒரே எழுத்துப்பிழை.

ஒரே ஆள் இரண்டு கடை வைத்திருப்பது குற்றமில்லை. தனக்குத்தானே போட்டி போட்டதாகக் காட்டி விலையை நிறுத்தியதுதான் கோளாறு. அதனால் எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று தெரிய வேண்டுமே. வேறொரு பெட்டிக்காரரிடம் விலை கேட்டேன். அதே அளவு, அதே ஜிஎஸ்எம் காகிதம், அதே பர்ஸ்டிங் ஸ்ட்ரெங்த் என்று எழுதிக் கொடுத்துத்தான் கேட்டேன். இல்லாவிட்டால் மெல்லிய பெட்டிக்கு விலை குறைவாகத்தான் சொல்வார்கள். 55 ரூபாய் என்றார். பெட்டிக்கு 7 ரூபாய் வீதம் மாதம் 56,000 ரூபாய்.

பர்ச்சேஸ் மேனேஜருக்கு இதில் கை உண்டா என்று எனக்குத் தெரியாது. அதனால் அவரிடமும் போகவில்லை, கடைக்காரரிடமும் போகவில்லை. ஒரே தாளில், எந்தத் தேதியில் எந்த ஆவணத்தில் என்ன பார்த்தேன் என்பதை மட்டும் எழுதினேன். ‘மோசடி’ என்ற சொல்லை எங்கேயும் போடவில்லை. அந்த முடிவு முதலாளியுடையது. நகல்களை இணைத்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் கடைக்காரரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் அசரவே இல்லை. “ஆமாங்க, ரெண்டும் என்னுதுதானுங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்களே” என்றார்! மேனேஜர் தனக்குத் தெரியாது என்று சாதித்தார். அதைப் பொய்யென்று காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆர்டர் புதியவருக்குப் போனது. சப்ளையர் பதிவுப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக ஏறியது: ‘உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ பங்குள்ள மற்ற நிறுவனங்களின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும்’. அந்த வரியைக் காலியாக விட்டால் நான் லெட்ஜர் திறப்பதில்லை.