பல் கடையும்போது கேட்கும் இரண்டு சத்தங்கள்

பல் மருத்துவரிடம் போவதென்றால் பலருக்கு ஊசியைவிட அந்த 'கீ...' என்ற சத்தம்தான் பயம். அடுத்த தொல்லை, வாய்க்குள் பீய்ச்சும் தண்ணீர். "டாக்டர், தண்ணியை மட்டும் நிறுத்திட்டுச் செய்ய முடியாதா? மூச்சு முட்டுது" என்று என் கிளினிக்கில் வாரத்துக்கு ஒருவராவது கேட்டுவிடுகிறார்.

அண்மையில் அப்படிக் கேட்டவர் ஓர் இளம் கணக்காளர். கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்புப் புள்ளி. "இவ்வளவு சின்னதுதானே" என்றார். எக்ஸ்ரேயில் பார்த்தால், புள்ளிக்குக் கீழே சொத்தை குடைபோல விரிந்து, பல்லின் நரம்புக்குப் பக்கம் வரை போயிருந்தது. பல்லின் மேல் ஓடான எனாமல் மிகக் கடினம். உள்ளே இருக்கும் டென்டின் மென்மை. அதனால்தான் சொத்தை வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் வளர்கிறது.

எனாமலைத் திறக்க வேகம் வேண்டும். காற்றழுத்தத்தில் சுழலும் டர்பைன் ஹேண்ட்பீஸ் நிமிடத்திற்கு 300,000 முறைக்கு மேல் சுழலும். கீச்சென்ற சத்தம் அதனுடையதுதான். அதன் நுனியில் பொருத்தும் சிறு வெட்டுமுனைக்கு 'பர்' என்று பெயர். அவருக்கு நான் எடுத்தது பேரிக்காய் வடிவ பர். அகலம் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. அதன் முனை உருண்டை என்பதால் குழியின் உள் மூலைகளும் உருண்டையாக அமையும். மூலை கூர்மையாக இருந்தால், மெல்லும் அழுத்தம் அங்கே குவிந்து பின்னாளில் பல் விரிசல் விடலாம்.

இந்த வேகத்தில்தான் தண்ணீர் தேவைப்படுகிறது. உராய்வினால் சூடு பிறக்கும். பல்லின் நடுவில் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் ஒரு மூடிய அறைக்குள் இருக்கின்றன; வீங்கினால் விரிய இடமில்லை. 1965-இல் ஸாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களில் செய்த ஆய்வில், உள்ளே வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் கூடியபோதே ஏறக்குறைய 15 விழுக்காட்டுப் பற்களின் உட்சதை மீளவில்லை. அதனால்தான் நிமிடத்திற்குச் சுமார் 50 மில்லிலிட்டர் தண்ணீர் பீய்ச்சுகிறோம்.

தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது, பர்ரின் நுனியில் விழ வேண்டும். ஆழமான குழியில் பல்லின் சுவரே தாரையை மறைத்துவிடும். ஆகவே அழுத்தாமல், தொட்டுத் தொட்டு எடுக்கிறோம். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தண்ணீர் உள்ளே புகும். பல்தூள் பால்போல் கரைந்து வந்தால் சரி. காய்ந்த தூளாகப் பறந்தாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

எனாமல் திறந்ததும் சத்தம் மாறியது. "இப்ப கடகடன்னு ஆடுதே, மெஷின் கெட்டுப்போச்சா?" என்றார். கெடவில்லை, வேகத்தைத்தான் குறைத்திருந்தேன். மென்மையான சொத்தைக்கு 300,000 சுற்று ஆபத்து. கை உணருமுன் நல்ல பகுதியும் போய்விடும். மெதுவாகச் சுழலும் ஹேண்ட்பீஸை நிமிடத்திற்குச் சில ஆயிரம் சுற்றுக்குள் வைத்தால், எது மெத்தென்று இருக்கிறது, எது கெட்டி என்று விரல் சொல்லிவிடும். இந்த வேகத்தில் லேசாக வருடினால் சூடு அதிகமில்லை. அதனால் தண்ணீரை நிறுத்தி, கண்ணால் பார்த்தே எடுக்கலாம்.

இங்கே பர்ரும் மாறுகிறது. உருண்டை பர், அதுவும் குழிக்குள் நுழையக்கூடியவற்றில் பெரியது. சிறியதுதானே பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் சிறிய உருண்டை ஊசிபோல் ஒரே இடத்தில் இறங்கி நரம்பறையைத் துளைத்துவிடலாம். பெரியது பரவலாகச் சுரண்டும்.

முதலில் ஓரங்களைக் கெட்டியான டென்டின் வரும்வரை சுத்தம் செய்தேன். ஓரம் சுத்தமாக இருந்தால்தான் அடைப்பு இறுகப் பிடிக்கும். நரம்புக்கு மேலே மட்டும், தோல்போல் சற்று வளையும் மெல்லிய படலத்தை வேண்டுமென்றே விட்டு அடைத்தேன். முழுவதும் எடுக்கப் போனால் நரம்பு திறந்து, வேர் சிகிச்சை வரை போயிருக்கும். இறுக மூடிவிட்டால், உள்ளே மிஞ்சிய கிருமிகளுக்கு உணவு கிடைக்காமல் சொத்தை பெரும்பாலும் அடங்கிவிடும்.

"அப்ப வலியே வராதா டாக்டர்?" என்று கேட்டார். சில நாட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இருக்கலாம். சில விநாடிகளில் போய்விட்டால் கவலை இல்லை. ஆனால் வலி நிமிடக் கணக்கில் நின்றாலோ, நடுராத்திரியில் தானாக வந்து எழுப்பினாலோ, உள்ளே நரம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் வரச் சொல்லியிருக்கிறேன்.