ஐயா நின்றுபோகும் இடம்

பிப்ரவரி 3, தலத்தெரு
நான் திருத்தும் இந்தக் கரையோரத்துக் கதையின் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தில் சுத்தமாக வந்திருக்கிறது. அதுதான் கவலை. மீன்காரி, சைகோனிலிருந்து திரும்பிய சொல்தா, நடவுக்குப் போகும் கிழவி மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள்போலப் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் பேச்சையும் முதலிலிருந்து கடைசிவரை தனித்தனிக் கோப்பில் எடுத்து வைக்கிறேன். பெயரும் வருணனையும் கூடாது. யார் பேசுகிறார் என்று தெரியாத வரிகளே நான் கைவைக்க வேண்டியவை.

பிப்ரவரி 5
தமிழில் மீன்காரி இரண்டு வாக்கியத்தைச் சேர்ப்பதே இல்லை. "வேணுமா சொல்லு. வெயில் ஏறுது. இன்னும் நாலு தெரு இருக்கு." மொழிபெயர்ப்பில் இது 'பிகாஸ்' போட்ட ஒரே நீள வாக்கியம். மூன்றாக உடைத்தேன். அவசரம் திரும்பி வந்தது. சொல்தாவுக்கு நேர்மாறு: சைகோனில் தொடங்கிக் கத்தரிக்காய் விலையில் முடியும் அவர் பேச்சைத் துண்டு துண்டாக்கியிருந்தார்கள். ஒட்டினேன். மீன்காரிக்கு 'டோன்ட்', அவருக்கு முழுசாக 'டு நாட்'. இந்தச் சின்ன வேறுபாடே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

பிப்ரவரி 8
கிழவிக்கு அமெரிக்கத் தென்பகுதிக் கிராமத்து ஆங்கிலம் கொடுக்கலாமா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று எழுதினேன். அந்த எழுத்துக்கூட்டலைப் பார்த்ததும் வாசகர் மனதில் பருத்திக்காடு வந்துவிடும், நம் நெல்வயல் போய்விடும். அந்த ஊரின் நிறபேதத்தை இவள் ஏன் சுமக்க வேண்டும்? வாக்கிய நீளம், விளிப்பு, எதைச் சொல்லிச் சத்தியம் செய்கிறாள் என்பது, இவற்றாலேயே அவளை வேறுபடுத்த முடியும்.

பிப்ரவரி 11
இன்று முழுக்கச் சண்டைக் காட்சி. தன் பண்ணையாரை எப்போதும் 'நீங்க' என்ற கிழவி அங்கே 'நீ' என்கிறாள். கதையே அங்கேதான் திரும்புகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் 'யூ'. ஈடுகட்ட ஒரே வழி அவள் வரிக் கடைசியில் வைக்கும் 'ஐயா'. சண்டையில் அது நின்றுபோக வேண்டும். நின்றது தெரிய முன்பெல்லாம் இருந்திருக்க வேண்டுமே! திரும்பத் திரும்ப வருகிறதென்று முந்தைய அத்தியாயங்களில் பலவற்றை எடுத்திருக்கிறார்கள். மூலத்தோடு ஒப்பிட்டுத் திருப்பி வைக்கிறேன். எல்லா வரியிலும் வைத்தால் படிப்பவர் கண் அதைத் தாண்டிப் போய்விடும். கூலி கேட்கும்போதும், பேச்சின் முதல் பதிலிலும் மட்டும். 'சார்' என்று மாற்றவில்லை, அது அலுவலகத்துக்குப் போய்விடும்.

பிப்ரவரி 12
இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) மீண்டும் எடுத்தேன். லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். பறையர் தெருவுக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் 'சாமி' என்ற விளிப்பில் கெஞ்சலும் உரிமையும் சேர்ந்தே இருக்கின்றன. அதை எடுத்துவிட்டால் அவள் வெறுமனே சோறு கேட்பவளாகிவிடுவாள். மொழிபெயர்ப்பாளருக்கு இந்த உதாரணத்தையே எழுதி அனுப்பினேன்.

பிப்ரவரி 15
பதில் வந்தது. 'ஐயா' எல்லாம் இருக்கட்டும் என்கிறார். சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு இடத்தில் அவள் மறுபடி 'ஐயா' என்கிறாள், பண்ணையார் பிணமாகக் கிடக்கும்போது. அதை நான் கவனிக்கவில்லை, அவர் பார்த்திருக்கிறார். நாளை சொல்தாவின் கோப்பு.